பதினைந்து நிமிட முன்வைப்புக்கு ஒரே ஒரு தாள்

மூன்றாம் ஆண்டில் என் முதல் முன்வைப்புக்கு முந்தைய இரவு, பவர்பொயின்ற்றில் அச்சிடும் பகுதிக்குப் போய் Handouts என்பதைத் தெரிவுசெய்து, பக்கத்துக்கு ஆறு ஸ்லைட் என்று அமர்த்தினேன். கைத்தாள் தயார் என்று நினைத்துத் தூங்கப் போய்விட்டேன். காலையில் வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கடையொன்றில் நாற்பது பிரதி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

தலைப்பு, கொழும்பின் மழையும் வெள்ளமும். நான் இரண்டாவது ஸ்லைட்டில் நின்றபோது முன்வரிசையில் இருந்த விரிவுரையாளர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி முடிவுரையை வாசித்துக்கொண்டிருந்தார். பேசுகிறவரின் வாயைவிட வாசிக்கிறவரின் கண் வேகமானது. எல்லாம் கையில் இருக்கும்போது அவர் ஏன் காத்திருக்க வேண்டும்? இன்னொரு வினையும் சேர்ந்தது. நீலமும் பச்சையுமாக நான் வரைந்திருந்த வரைபுச் சட்டங்கள் கறுப்பு வெள்ளைப் பிரதியில் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன. "ஒக்டோபர் மாத மழை எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். தீப்பெட்டி அளவுப் படத்தில் யாராலும் அதை வாசிக்க முடியவில்லை. எனக்கும் நினைவில் இல்லை.

இறுதி ஆண்டில் அதே தலைப்பை விரித்து மீண்டும் முன்வைக்க வேண்டி வந்தது. இந்தமுறை ஸ்லைட்டுகளை மூடி வைத்துவிட்டு, கைத்தாளைத் தனியாக எழுதினேன்.

அதில் எதைப் போடுவது என்று தீர்மானித்தது நான் அல்ல, என் அறைத்தோழன். அவன் வணிகம் படிப்பவன். மழைவீழ்ச்சி பற்றி ஒன்றும் தெரியாது. அவனை உட்கார்த்தி, தாளும் பேனையும் கொடுத்து, முழுவதையும் பேசிக் காட்டினேன். "மச்சான், அந்த எண்ணைத் திரும்பச் சொல்" என்று மூன்று இடங்களில் நிறுத்தினான். வேறு இரண்டு இடங்களில் பேனை தாளை நோக்கிப் போனது, ஆனால் நான் அடுத்த விடயத்துக்குப் போய்விட்டதால் பாதியில் நின்றது. அந்த ஐந்து இடங்கள்தான் கைத்தாள். அவன் சும்மா கேட்டுக்கொண்டிருந்த இடங்களுக்குத் தாளில் வேலை இல்லை. தனியாக மேசையில் இருந்து யோசித்திருந்தால், எனக்குப் பிடித்த பகுதிகளைத்தான் போட்டிருப்பேன்.

ஓர் இடத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். கொழும்பின் மாதாந்தச் சராசரி மழைவீழ்ச்சியில் மே, நவம்பர் என்று இரண்டு உச்சங்கள் உண்டு. 1961 முதல் 1990 வரையான சராசரிப்படி மே மாதத்துக்கு 392.4 மில்லிமீற்றர், நவம்பருக்கு 414.4. பழைய ஸ்லைட்டில் பன்னிரண்டு மாதங்களையும் அட்டவணையாகப் போட்டிருந்தேன். புதியதில் பன்னிரண்டு சட்டங்கள் மட்டும்; இரண்டு உச்சங்களுக்கு மட்டும் அடர்த்தியான நிறம், அவற்றின் மேல் 392, 414 என்ற எண்கள். வேறு எழுத்து இல்லை. அடியில் சிறிதாக 'கைத்தாள், அட்டவணை அ' என்று ஒரு வரி. பன்னிரண்டு எண்களும் தசமத்தோடு தாளில் இருந்தன. அவற்றுக்குக் கீழே பருவவாரியான கூட்டுத்தொகையும் இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் ஐந்து மாதங்களுக்கு 1064.1 மில்லிமீற்றர், ஒக்டோபர், நவம்பர் சேர்ந்த இரண்டாவது இடைப்பருவத்தின் இரண்டே மாதங்களுக்கு 779.8. நவம்பர் மழையைத் தவறாக வடகிழக்குப் பருவக்காற்றின் கணக்கில் எழுதுகிறவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள். அதனால் அந்தக் கூட்டுத்தொகையை நிதானமாகப் பார்க்க ஒரு தாள் தேவைப்பட்டது. திரையில் பத்து விநாடி போதாது.

அடுத்த ஸ்லைட்டில் இரண்டே எண்கள். 2010 நவம்பர் 10 இரவும் 11 அதிகாலையும் கொழும்பில் பெய்த மழை 440 மில்லிமீற்றர் அளவு. அதன் பக்கத்தில் நவம்பர் முழுவதற்குமான சராசரி, 414. ஒரு மாத மழை ஓர் இரவில் கொட்டி, பாராளுமன்ற வளாகத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்த கதையைச் சொல்ல அந்த இரண்டு எண்கள் போதும். இதைக் கைத்தாளில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. என் முன்வைப்பில் எல்லோரும் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். தாளிலும் இருந்திருந்தால் குனிந்துகொண்டு இருப்பார்கள்.

ஸ்லைட்டில் முழு எண்ணும் தாளில் தசமமும் இருந்தால் "எது சரி?" என்ற கேள்வி வரும். எனக்கு ஒத்திகையிலேயே வந்தது. அட்டவணைக்குக் கீழே 'திரையில் உள்ளவை முழு எண்ணாக்கப்பட்டவை' என்று எழுதியதோடு அது தீர்ந்தது. இன்னொன்று, தாளில் 'ஸ்லைட் 7' என்று குறிப்பிடாதீர்கள். கடைசி இரவில் ஒரு ஸ்லைட்டை நீக்கினால் எல்லா இலக்கங்களும் குழம்பும். அட்டவணைக்கு அ, ஆ என்று பெயரிட்டு, ஸ்லைட்டிலிருந்து தாளைச் சுட்டுவதே பாதுகாப்பானது.

எங்கள் வகுப்புப் போன்ற இடத்தில் கைத்தாளுக்கு வேறொரு பயனும் உண்டு. நான் பேசியது ஆங்கிலத்தில். கேட்டவர்களில் பாதிப்பேர் உயர்தரம் வரை சிங்களத்தில் படித்தவர்கள், மிச்சப்பேர் தமிழில். தாளின் பின்பக்கத்தில் எட்டுக் கலைச்சொற்களை மும்மொழியிலும் நிரலாகப் போட்டேன். சிங்களச் சொற்களை ஒரு சக மாணவியிடம் காட்டித் திருத்தினேன். இரண்டு பிழை இருந்தது. ஸ்லைட்டில் மும்மொழியும் போட்டால் திரை சந்தைக்கடையாகிவிடும்.

இடைவெளி விட்டு நிரப்பச் சொல்லும் தாள்களும் உண்டு. வாரந்தோறும் நடக்கும் வகுப்புக்கு அது நல்லது, எழுதுகிறவன் தூங்கமாட்டான். ஆனால் பரீட்சகர் முன்னால் கோடிட்ட இடம் விட்டால், அவரை வினாத்தாள் எழுத வைத்ததுபோல் ஆகிவிடும். நான் அட்டவணையின் வலப்பக்கத்தில் மூன்று விரல் அகலம் வெறுமையாக விட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

தாளை எப்போது கொடுப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. நடுவில் கொடுத்தால் நாற்பது தாள் வரிசை வரிசையாகப் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் போகும். பதினைந்து நிமிடத்தில் அது பெரிய செலவு. கடைசியில் கொடுத்தால் அட்டவணையை வைத்துப் பேச முடியாது. நான் முன்கூட்டியே கதிரைகளில் வைத்தேன். முடிவு தாளில் இல்லாததால் முந்திப் போய் வாசித்தாலும் நட்டமில்லை. வராதவர்களுக்கு அந்தத் தாள் போதாது என்பது உண்மைதான். அவர்களுக்கு முடிவையும் சேர்த்து இரண்டாவது பிரதியொன்றை மறுநாள் அனுப்பினேன்.

கடைக்குப் போனால் முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். அட்டவணைத் தலைப்புக்கு நான் இட்ட மெல்லிய சாம்பல் நிழல், பிரதியில் எழுத்தை விழுங்கிவிட்டது. நிழலை எடுத்துவிட்டுத் தடித்த கோடு போட்டேன். எழுத்து 11 புள்ளி, ஏ4 தாளின் இருபக்கமும். மூன்றாம் பக்கம் வேண்டியிருந்தால் ஏதோ ஒன்று அங்கே இருக்கத் தேவையில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

முன்வைப்பு முடிந்ததும் ஒரு பரீட்சகர் அந்த வெறும் ஓரத்தில் செப்டெம்பருக்கு நேரே கேள்விக்குறி போட்டிருந்ததைக் கண்டேன். "ஓகஸ்டில் 119.5, அடுத்த மாதம் 245.4. ஏன் இரட்டிப்பாகிறது?" என்று கேட்டார். என் பதில் அரைகுறைதான். ஆனால் அவர் கேட்டது என் தரவைப் பற்றி. முதல்முறைபோல எழுத்து தெரியவில்லை என்பதைப் பற்றி அல்ல.

ஒரு தவறு மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆண்டு கனிஷ்ட மாணவன் ஒருவன் மடித்துப்போன ஒரு தாளைக் கொண்டுவந்து, "அண்ணா, இது யார் செய்தது என்று தெரியுமா? எங்கே மேற்கோள் காட்டுவது?" என்று கேட்டான். என்னுடையதுதான். பெயரும் இல்லை, திகதியும் இல்லை. நல்லவேளை, அட்டவணைத் தலைப்பில் 1961–1990 என்று எழுதியிருந்தேன்.