பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டுகள்?

மார்த்தாண்டம் பக்கத்தில் ரப்பர் ஷீட் விற்ற பணத்தையோ வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தையோ வைப்புநிதியில் போடும் உறவினர்கள், அது எப்போது இரட்டிப்பாகும் என்று என்னிடம் கேட்பதுண்டு. 72ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் விடை மனத்திலேயே கிடைத்துவிடும். 8 சதவீதம் என்றால் 9 ஆண்டுகள். ஆண்டுதோறும் வட்டி அசலோடு சேரும்போது, 1 லட்சம் ரூபாய் முதலாண்டு முடிவில் 1,08,000 ஆகவும் இரண்டாமாண்டு முடிவில் 1,16,640 ஆகவும் வளர்ந்து, ஒன்பதாமாண்டு முடிவில் ஏறத்தாழ 1,99,900 ரூபாயைத் தொடுகிறது.

இது கூட்டு வட்டிக்கு மட்டுமே பொருந்தும். மாதாமாதம் வட்டியை வாங்கிச் செலவழிப்பவருக்கு அசல் வளராது; அந்த வட்டியைச் செலவழிக்காமல் தனியே சேர்த்து வைத்தாலும், அசலுக்கு இணையாக அது சேர பன்னிரண்டரை ஆண்டுகள் ஆகும்.

இக்கணக்கைத் திருப்பிப் போடுவதையே நான் பெரிதாக மதிக்கிறேன். மூன்றே ஆண்டில் இரட்டிப்பாக்கித் தருவதாக ஒருவர் சொன்னால், 72ஐ 3ஆல் வகுங்கள்: ஆண்டுக்கு 24 சதவீதம். விகிதம் உயரும்போது இந்த வழி சற்றுக் குறைத்தே காட்டுவதால், உண்மையில் அவர் 26 சதவீதம் ஈட்டியாக வேண்டும். அத்தகைய வருமானம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று பணத்தைக் கொடுக்கும் முன்பே அவரிடம் கேளுங்கள்.

கடனுக்கும் இதுவே கணக்கு. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் வாங்கி, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போனால், 24 மாதங்களில் கடன் இரண்டு மடங்காகிவிடும்.