யாரும் ஆளாத கவுண்டி

"அந்தக் கவுண்டியை யார் ஆள்றாங்க?" என்று டீம் லீட் கேட்டார்.

"யாரும் இல்லை" என்றேன்.

"அப்ப அது போனா யாருக்கு என்ன?"

மீடியன் என்கிற நடு மதிப்பைக் கூட்டவும் முடியாது, பிரிக்கவும் முடியாது என்று நான் பதில் சொன்னேன். சொன்னது சரிதான். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

விஷயம் கனெக்டிகட் என்ற அமெரிக்க மாநிலம் பற்றியது. அமெரிக்க சென்சஸ் பீரோ 2022ஆம் ஆண்டுத் தரவிலிருந்து அந்த மாநிலத்தின் மாவட்டம் மாதிரியான 8 கவுண்டிகளை எடுத்துவிட்டு 9 திட்டமிடல் மண்டலங்களை வைத்தது. இது பார்த்த உடனே தெரிகிற மாற்றம் இல்லை. நாடு முழுக்க 3,143ஆக இருந்த கவுண்டி வரிசைகள் 3,144 ஆயின. ஒன்றுதானே கூடியிருக்கிறது என்று யாரும் கடந்துபோய்விடுவார்கள். ஆனால் ஃபேர்ஃபீல்டின் 09001 முதல் விண்டமின் 09015 வரை இருந்த குறியீடுகள் அத்தனையும் போய், 09110 முதல் 09190 வரை புதியவை வந்திருந்தன. க்ளையன்ட் கோப்பில் இருந்தவை பழைய குறியீடுகள். இரண்டு பக்கமும் பொருந்தும் குறியீடுகளை மட்டும் வைத்துக்கொள்கிற இன்னர் ஜாயின் செய்தால் 3,135 வரிசை வரும், பிழைச் செய்தி எதுவும் வராது. சுமார் 36 லட்சம் பேர் வாழும் மாநிலம் சத்தமில்லாமல் அறிக்கையிலிருந்து விழுந்துவிடும். இந்த மாதிரி இடத்தில் மொத்த வரிசையை எண்ணிப் பயனில்லை. மாநிலவாரியாக மக்கள்தொகையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கனெக்டிகட்டின் மாநிலக் குறியீடான 09 காணாமல் போயிருப்பது கண்ணில் படும். எங்களுக்கும் அப்படித்தான் பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் நிஜமான நிர்வாக எல்லையைத் தூக்கிவிட்டு வெறும் புள்ளிவிவர எல்லையைப் போட்டது போல இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் விளக்கினேன். உண்மை அதைவிடச் சங்கடமானது. கனெக்டிகட்டில் கவுண்டி அரசாங்கம் 1960இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு கவுண்டிக்கென்று நிர்வாகம் இல்லை, கவுண்டி வரி இல்லை. நீதிமன்ற ஆணைகளைக் கொண்டு சேர்க்கும் ஸ்டேட் மார்ஷல்களின் ஒதுக்கீடு போன்ற ஒன்றிரண்டு விஷயங்கள் மட்டும் பழைய எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பள்ளி, சாலை, சொத்துவரி எல்லாம் 169 டவுன்களின் கையில். ஆக, அறுபது வருடமாக நாங்கள் எல்லோரும் 'நிர்வாக அலகு' என்று நினைத்துப் பட்டியல் போட்டது, நடைமுறையில் தரவுக்காக மட்டும் உயிரோடிருந்த ஒன்று.

புதிய மண்டலங்களுக்காவது ஒவ்வொன்றுக்கும் ஒரு கவுன்சில் இருக்கிறது. டவுன்களின் மேயர்களும் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களும் அதில் உட்கார்ந்து போக்குவரத்து, நிலப் பயன்பாடு போன்றவற்றைச் சேர்ந்து திட்டமிடுகிறார்கள். மத்திய அரசு மானியத்துக்கு மண்டலமாக விண்ணப்பிக்க முடிகிறது. சென்சஸிடம் இந்த மாற்றத்தைக் கேட்டு வாங்கியதும் மாநில அரசுதான். ஆனால் கவுன்சிலுக்கு வரி போடும் அதிகாரம் இல்லை, மக்கள் நேரடியாக ஓட்டுப் போடுவதும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது நிர்வாகம், எது புள்ளிவிவரம் என்று நான் போட்டு வைத்திருந்த கோடு நடுவில் எங்கேயோ அழிந்துவிடுகிறது.

சரி, வேலைக்கு வருகிறேன். க்ளையன்ட் கேட்டது ஃபேர்ஃபீல்ட் கவுண்டியின் பல வருடப் போக்கு. அந்தக் கவுண்டியில் 23 டவுன்கள். அவற்றில் பிரிட்ஜ்போர்ட் உட்பட 6, கிரேட்டர் பிரிட்ஜ்போர்ட் மண்டலத்துக்குப் போயின. கிரீனிச், ஸ்டாம்ஃபோர்ட் உள்ளிட்ட 16, வெஸ்டர்ன் கனெக்டிகட் மண்டலத்துக்கு. ஷெல்டன் மட்டும் தனியாக நாகடக் வேலி மண்டலத்துக்குப் போய்விட்டது. போதாததற்கு, லிட்ச்ஃபீல்ட் கவுண்டியைச் சேர்ந்த நியூ மில்ஃபோர்டும் பிரிட்ஜ்வாட்டரும் வெஸ்டர்ன் கனெக்டிகட்டுக்குள் வந்து சேர்ந்தன. புதிய மண்டலங்களை எப்படிக் கூட்டினாலும் பழைய ஃபேர்ஃபீல்ட் கிடைக்காது.

ஒரு வழி உண்டு, டவுன் வழியாகப் போவது. எந்த டவுனும் இரண்டாக உடையவில்லை. கிரீனிச்சின் குறியீடு 0900133620 என்பதிலிருந்து 0919033620 ஆனது. நடுவில் மூன்று இலக்கம் மாறியதே தவிர கடைசி ஐந்து அப்படியே இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 23 டவுன்களையும் கூட்டினால், மக்கள்தொகை, குடும்பங்களின் எண்ணிக்கை போன்றவை பழைய கவுண்டிக்கே திரும்பக் கிடைக்கும். சென்சஸ் சர்வேயின் ஐந்தாண்டுத் தொகுப்பில் மட்டும்தான் இது நடக்கும். ஓராண்டுத் தரவு 65,000 பேருக்குக் குறைவான ஊர்களுக்கு வெளியாவதில்லை; அங்கே சின்ன டவுன்கள் இருக்காது.

தகராறு வந்தது குடும்ப வருமான மீடியனில். 23 டவுன்களின் மீடியனைச் சராசரி எடுத்தால் கவுண்டியின் மீடியன் வராது. அதுவும் பிரிட்ஜ்போர்ட்டும் கிரீனிச்சும் ஒரே கூடையில் இருக்கிற இடத்தில் சராசரி எங்கேயோ இழுத்துக்கொண்டு போகும். டீம் லீட் இதைப் புரியாதவர் இல்லை. "சென்சஸோட B19001 அட்டவணை இருக்கே, அதுல பதினாறு வருமான வகுப்பு இருக்கு. டவுன்வாரியா கூட்டி, நடுக் குடும்பம் எந்த வகுப்புல விழுதோ அதுக்குள்ள கணக்குப் போட்டுடுங்க. கோடு தொடர்ச்சியா போகும்" என்றார்.

செய்யக்கூடியதுதான், செய்தும் பார்த்தேன். அதே முறையை 2021இன் பழைய கவுண்டிக்கும் போட்டு, சென்சஸ் வெளியிட்ட மீடியனோடு ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. அவர்கள் இன்னும் நுணுக்கமான வகுப்புகளில் கணக்கிடுகிறார்கள். நமக்குக் கிடைப்பது அகலமான வகுப்பு. ஆக, எல்லை மாறாத வருடத்திலேயே முறை மட்டும் ஒரு வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. 2022இல் கோடு ஏறினால் அது வருமானம் ஏறியதாலா, என் கணக்காலா என்று எப்படிச் சொல்வது? பிழை வரம்பையும் தோராயமாகத்தான் போட முடியும். கோட்டை 2021இல் முறித்து, அதற்குப் பிறகு மண்டலங்களைத் தனியாகக் காட்டுவதாக முடிவெடுத்தேன். முந்தைய வருடங்களையும் அதே முறையில் போட்டால் குறைந்தபட்சம் தங்களுக்குள் ஒத்துப்போகுமே என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அப்படிச் செய்தால் நாங்கள் ஏற்கெனவே கொடுத்த அறிக்கைகளின் எண்ணெல்லாம் மாறும் என்றேன். அதுவும் நியாயம்தான். ஆனால் அதில் புள்ளியியல் எவ்வளவு, எங்கள் வசதி எவ்வளவு என்று கேட்டால் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முறிந்த கோடு ஒன்றைக் காட்டிக்கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபேர்ஃபீல்ட் என்ற ஒற்றை எண் இருந்தவரை பிரிட்ஜ்போர்ட் பக்கத்து ஏழ்மை கிரீனிச் பக்கத்துச் செல்வத்துக்குள் மறைந்து கிடந்தது. இரண்டாகப் பிரிந்த பிறகு வரைபடத்தில் இரண்டு வேறு நிறங்கள். இதை வைத்து என் முடிவு சரி என்று வாதிட எனக்கு ஆசைதான். ஆனால் இன்னொரு பக்கம் டவுன்களை வேறு விதமாகச் சேர்த்திருந்தால் வேறு நிறம் வந்திருக்கும். மண்டலம் காட்டியது அந்த ஊர்களையா, எல்லை போட்டவர்களின் கூட்டலையா?

"இந்த ஒன்பது எத்தனை நாளைக்கு?" என்று க்ளையன்ட் கேட்டபோது இதே சந்தேகம் வேறு உருவில் வந்தது. இதே மாநிலத்தில் திட்டமிடல் மண்டலங்கள் முன்பு 15 இருந்தன. 2010களின் நடுவில்தான் 9 ஆயின. கவுண்டி எல்லையை யாரும் ஆளவில்லை, அதனாலேயே அதை மாற்ற வேண்டிய தேவையும் யாருக்கும் வரவில்லை. தலைமுறைக் கணக்கில் ஒப்பிட முடிந்தது. மண்டலத்தை உபயோகிக்கிறார்கள், அதனால் அது மாறலாம். டீம் லீடிடம் இதைச் சொல்லியிருந்தால், கவுண்டி போனால் எனக்குத்தான் நஷ்டம், அங்கே வாழ்பவர்களுக்கு இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும். இப்போதைக்கு டவுன் வாரியான கோப்பைத் தனியாகச் சேமித்து வைக்கிறேன், எல்லை எப்படி மாறினாலும் அதிலிருந்து கூட்டிக்கொள்ளலாம் என்று. அதிலும் மீடியன் கிடைக்காது.