எட்டாவதோடு நின்றவர் பத்தாவது எழுதப் போகும்போது

பத்தாம் வகுப்பை நேரடித் தனித்தேர்வராக எழுத நினைக்கிறவர்கள் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் தேர்வை மனதில் வைத்துக்கொண்டு டிசம்பரில்தான் விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் முதல் கதவு மூடியிருக்கும். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கான பதிவு அது. தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே, அதே கல்வியாண்டின் முற்பாதியில், தனியாக ஓர் அறிவிப்பு வரும். நாளிதழில் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தியாகத்தான் வரும். எனக்கு அதைக் காட்டியது, நான் வேலை செய்யும் தையல் கூடத்தில் காஜா எடுக்கும் அக்கா. அவர் மகன் முந்தின வருஷம் இதைத் தவறவிட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தான்.

நான் எட்டாவது முடித்துப் பள்ளியை விட்டவள். இப்படி எட்டாவது தேறி, பத்தாவதை முதன்முறையாக எல்லாப் பாடமும் எழுத வருகிறவர்களைத்தான் நேரடித் தனித்தேர்வர் என்கிறார்கள். வயது 14½ நிறைந்திருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. இவர்களுக்கு மொழிப்பாடம் தமிழ்தான். வேறு மாநிலத்தில் இந்தி படித்து வந்த ஒரு தம்பி, தேர்வுக்கு விண்ணப்பிக்கும் சேவை மையத்தில் இதைக் கேட்டுத் திகைத்து நின்றான்.

செய்முறைப் பதிவு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் நடந்தது. விண்ணப்பப் படிவத்தை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் www.dge.tn.gov.in தளத்திலிருந்து பிரிண்ட் எடுத்து, இரண்டு பிரதி நிரப்பி, டி.சி. நகலோடு கொடுத்தேன். ஒரு பிரதியில் முத்திரை போட்டுத் திருப்பித் தந்தார்கள். அந்த முத்திரைத் தாள் சாதாரணமானதல்ல. பிறகு தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘செய்முறைக்குப் பதிந்தீர்களா?’ என்று முதலில் கேட்பது அதைத்தான்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். பயிற்சி வகுப்பில் 80 விழுக்காடு வருகை இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு விடுவார்கள். எங்களுக்கு ஒதுக்கிய அரசுப் பள்ளியில் சனிக்கிழமைகளில் வகுப்பு நடந்தது. கூடத்தில் முதலாளியிடம் சொல்லி அந்த நாட்களின் கூலியை விட்டுக்கொடுத்தேன். சும்மா கையெழுத்துப் போட்டு வரும் வகுப்பாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மயில்துத்தத்தைச் சோதனைக்குழாயில் போட்டுச் சூடேற்றியபோது நீலம் மெல்ல வெளுத்தது, குழாயின் வாய்ப்பக்கம் நீர்த்துளி கோத்துக்கொண்டது. உப்புக்குள் தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி என்றார் ஆசிரியை. நீரேறிய உப்பா, நீரற்ற உப்பா என்ற கேள்வியை அதன் பிறகு நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

ஒன்று கவனிக்க வேண்டும். செய்முறைத் தேர்வு நடக்கும் தேதியைத் தபாலில் யாரும் தெரிவிப்பதில்லை. எழுத்துத் தேர்வுக்கு முன்னாலேயே அது முடிந்துவிடும். பயிற்சி நடந்த பள்ளியின் தலைமையாசிரியரிடம் நாமாகப் போய்க் கேட்க வேண்டும். எங்களோடு வந்துகொண்டிருந்த இருவர் ஹால் டிக்கெட் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்து, அந்த நாளைக் கோட்டை விட்டார்கள்.

அப்புறம் தேர்வு விண்ணப்பம். இதை வீட்டிலிருந்தோ பிரவுசிங் சென்டரிலிருந்தோ போட முடியாது. மாவட்டந்தோறும் சில பள்ளிகளை அரசுத் தேர்வுகள் சேவை மையமாக அறிவிப்பார்கள், அங்கே ஆளே நேரில் போக வேண்டும். இது தெரியாமல் போகிறவர்களிடம் காசு பார்க்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து பஜாரில் ஒரு கடையில் ‘எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம், மையமும் பக்கத்திலேயே வாங்கித் தருகிறோம்’ என்று இரண்டாயிரம் ரூபாய் கேட்டார்கள். உண்மையில் தேர்வுக் கட்டணம் 125 ரூபாய். ஆன்லைன் பதிவுக் கட்டணம் சேர்ந்தும் நான் கட்டியது இருநூறை எட்டவில்லை. மையத்தைப் பொறுத்தவரை, இந்தப் பள்ளிதான் வேண்டும் என்று யாராலும் வாங்கித் தர முடியாது.

சேவை மையத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது பெயரில்தான். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர் இருக்கிறது. டி.சி.யில் அப்பாவின் இனிஷியல். பதிவு செய்த ஆசிரியர் ஆதாரைப் பார்த்து அடிக்கத் தொடங்கினார். ‘சார், டி.சி.யில் இருப்பதுபோலப் போடுங்க’ என்றேன். அவரும் மறுக்காமல் மாற்றினார். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி, தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படித்தேன். பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள். இருக்கட்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சாகப் போவது இதுதான், அச்சான பின் திருத்துவதற்கு ஆகும் அலைச்சல் வேறு. பிறந்த தேதியையும் அப்படியே சரிபார்த்தேன். ஹால் டிக்கெட் எடுக்கும்போது அதுதான் சாவி.

கட்டணம் கட்டியதும் ஓர் ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அதில் விண்ணப்ப எண் இருக்கும். ஹால் டிக்கெட்டைத் தபாலில் அனுப்ப மாட்டார்கள், அந்த எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டு நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். சீட்டைப் போட்டோ எடுத்து என் போனிலும் தங்கச்சி போனிலும் வைத்தேன்.

தேதி தவறினால் தட்கல் என்று ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்புக்கு வழக்கமான கட்டணத்தோடு சிறப்புக் கட்டணமாக 500 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். சில நாள்தான் திறந்திருக்கும். ஆனால் தட்கல் காப்பாற்றுவது தேர்வு விண்ணப்பத்தை மட்டும்தான். செய்முறைக்குப் பதியாதவர்களை அதுவும் காப்பாற்றாது.

தேர்வுக்குச் சில நாள் முன்பு ஹால் டிக்கெட் வெளியானதாகச் செய்தி வந்தது. தளத்தில் Hall Ticket பகுதிக்குள் போய், நம் தேர்வைத் தேர்ந்தெடுத்து எண்ணைப் போட்டால் வந்துவிடும். முதல் நாள் ராத்திரி தளம் திறக்கவே இல்லை, மறுநாள் விடிகாலையில் உடனே வந்தது. அப்போதுதான் என் மையம் எது என்று எனக்கே தெரிந்தது. நான் பயிற்சிக்குப் போன பள்ளி அல்ல, டவுனுக்குள் வேறொரு பள்ளி. தனித்தேர்வர்களைப் பெரும்பாலும் அவர்களுக்கென்று ஒதுக்கிய மையத்தில்தான் உட்கார வைக்கிறார்கள், அதனால் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். என் தாளில் பார்த்தவை பெயர், போட்டோ, ஐந்து பாடமும் தேதியோடு இருக்கிறதா என்பதுதான். ஒரு பாடம் விடுபட்டிருந்தால் தேர்வு மேசையில் ஒன்றும் செய்ய முடியாது, அன்றே சேவை மையத்துக்கு ஓட வேண்டும்.

தேர்வன்று 10 மணிக்கு வினாத்தாள். பத்து நிமிடம் படிக்க, ஐந்து நிமிடம் விடைத்தாள் விவரம் சரிபார்க்க, 10.15க்கு எழுதத் தொடங்கி 1.15க்கு முடிப்பது. ஹால் டிக்கெட் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. எங்கள் அறையில் பள்ளி வயதுப் பிள்ளைகளைவிட லாரி ஓட்டுகிறவர்களும் என்னைப் போன்ற பெண்களும்தான் அதிகம்.

நான்கு பாடம் தேறினேன், கணக்கு போய்விட்டது. துணைத் தேர்வுக்கு மறுபடி அதே சேவை மையம், அதே வரிசை. இந்த முறை செய்முறைப் பதிவு, டி.சி. பேச்சு எதுவும் இல்லை. மதிப்பெண் பட்டியலை நீட்டினேன், கணக்கு ஒன்றை மட்டும் பதிந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டைக் கொடுத்துவிட்டார்கள்.