காற்றோடு போன பூட்டி: அம்மப்பாவின் கொப்பியைச் சரிபார்த்த நாட்கள்

2024 ஒக்டோபர் 6, ஆரையம்பதி

அம்மப்பா 1996இல் எழுதிய கொப்பியைத் தட்டச்சு செய்து முடித்தேன். கார்த்திகையில் பூட்டியின் திவசத்துக்குள் சிறு நூலாக அச்சிட்டு உறவுகளுக்குக் கொடுக்க வேண்டும். ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "23.11.78 வியாழன் இரவு காற்றோடு அம்மாவும் போனா." அவருடைய அம்மாதான் என் பூட்டி.

பழைய நாட்காட்டியில் பார்த்தேன். 1978 நவம்பர் 23 வியாழக்கிழமைதான். மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கிய நாளும் அதுதான். ஆனால் அது சூறாவளியின் நாளைத்தான் உறுதிப்படுத்துகிறது. அந்த நாள் இந்த ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். பூட்டியும் அன்றே போனார் என்பதற்கு அது சாட்சியாகாது.

ஒக்டோபர் 9

மாமாவிடம் கேட்டேன், அந்த இரவுதான் என்றார். கல்லடியில் இருக்கும் சின்னம்மாவும் அதையே சொன்னார். சின்னம்மாவின் மகனும் அப்படியே சொன்னார். மூன்று பேர் ஒத்துப்போனதில் மகிழ்ந்துபோனேன்.

இரவு படுக்கும்போதுதான் யோசித்தேன். மாமா அப்போது கொழும்பில் வேலையில் இருந்தவர், சின்னம்மாவுக்கு மூன்று வயது, அவர் மகன் பிறக்கவே இல்லை. மூவரும் சொன்னது அம்மப்பா வாயிலிருந்து கேட்டது. அப்படியென்றால் எனக்குக் கிடைத்தது மூன்று சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சியின் மூன்று எதிரொலிகள். இனி யார் எதைச் சொன்னாலும், "நீங்கள் பார்த்ததா, கேட்டதா? கேட்டதென்றால் யாரிடம்?" என்று விசாரித்து, பெயருக்குப் பக்கத்தில் குறித்துவைக்கப் போகிறேன்.

ஒக்டோபர் 17

பதுளையில் இருந்த அம்மப்பாவின் தம்பி வீட்டிலிருந்து ஒரு பிஸ்கட் தகரம் வந்திருக்கிறது. அதற்குள் அம்மப்பா எழுதி அனுப்பிய கடிதங்கள். நாம் எழுதிய கடிதங்கள் நம் வீட்டில் இருக்காது, வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். இது ஏன் எனக்கு முன்பே தோன்றவில்லை!

ஒரு கடிதத்தின் தலையில் 27.11.78. "வீட்டுச் சுவர் விழுந்து அம்மாவின் காலில் அடி. காய்ச்சலும் இருக்குது. பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். வழியெல்லாம் மரம் விழுந்து கிடக்குது. லொறிக்காரரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்." அதே கையெழுத்து, அதே மனிதர். சூறாவளிக்கு நான்கு நாள் கழித்தும் பூட்டி உயிரோடு இருந்திருக்கிறார்.

உடனே நம்பிவிடவில்லை. தேதியை எழுதியவரே தவறாகப் போட்டிருக்கலாம். ஆண்டு பிறந்த முதல் வாரங்களில் பழைய ஆண்டைப் போடுவது நம் எல்லோருக்கும் வரும் பிழை. அதனால் உறையைப் பார்த்தேன். பொலன்னறுவை அஞ்சல் முத்திரை, நவம்பர் 30. லொறிக்காரர் அங்கே போய்த்தான் தபாலில் சேர்த்திருக்கிறார். கடிதத்தின் தேதியும் முத்திரையும் வழியின் கதையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இந்த உறை வேறொரு கடிதத்துக்கு உரியதாக இருக்குமோ என்றும் சோதித்தேன். தாளின் மடிப்புகள் உறையின் அளவோடு ஒத்துப்போயின.

ஒக்டோபர் 19

ஒரு பெரும் தவறு செய்துவிட்டேன். கடிதத்தைப் படமெடுத்து மாமாவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் அழைத்து, "ஓம் மகள், பள்ளிக்கூடத்தில் இருந்தவதான், இப்போது நினைவு வருகிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கடிதத்தைப் படித்ததும் அது அவருடைய நினைவாகவே ஆகிவிட்டது. இனி அதை அவருடைய சாட்சியாக நான் எடுத்துக்கொள்ள முடியாது. பெரியம்மாவிடம் எதையும் காட்டாமல் போக வேண்டும்.

ஒக்டோபர் 23

பெரியம்மாவுக்கு அப்போது பதினான்கு வயது. தேதியைக் கேட்கவே இல்லை. "சூறாவளிக்கு அடுத்த நாள் எங்கே படுத்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள்?" என்றுதான் தொடங்கினேன். கிடுகுக் கூரை பறந்தது, விழுந்த கதவில் பூட்டியைக் கிடத்தி நான்கு பேர் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனது, கஞ்சியில் இரண்டு வாய் குடித்தது. எல்லாம் வந்தன.

எத்தனை நாள் இருந்தார் என்று கேட்டேன். "அது தெரியாது மகள். ஆனால் இருட்டு நாள்கள் கழிந்து, பள்ளி முற்றத்தில் நிலவு வந்த பிறகுதான்" என்றார். விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாட்களில் நிலவைத்தான் எதிர்பார்த்திருந்தார்களாம். நாள் மறந்தவருக்கு நிலவு நினைவிருக்கிறது.

ஒக்டோபர் 24

நிலவு என்றதும் திவசம் நினைவுக்கு வந்தது. நாம் திவசத்தை ஆங்கிலத் தேதியில் செய்வதில்லை, திதியில்தான் செய்கிறோம். பூட்டியின் திதி கார்த்திகை வளர்பிறைச் சப்தமி. யாரும் எழுதிவைக்கவில்லை, நாற்பத்தைந்து ஆண்டாகச் செய்து வருகிறோம்.

1978 நவம்பரில் பௌர்ணமி 14ஆம் தேதியை ஒட்டி வந்தது. சூறாவளி இரவு அதற்கு ஒன்பது நாள் பின்பு, அதாவது தேய்பிறை. அமாவாசை 30ஆம் தேதி. அதன் பிறகு ஏழாம் திதி டிசம்பர் 6ஐ ஒட்டி வருகிறது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் வேறுபாடு வரலாம், அதனால் ஒரு நாள் முன்பின் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பஞ்சாங்கத்திலும் தேய்பிறை வளர்பிறையாகாது. வளர்பிறைத் திதியில் இறந்தவர் நவம்பர் 23 இரவில் இறந்திருக்க முடியாது.

கடிதம், பெரியம்மா, திதி. இந்த மூன்றும் ஒன்றை ஒன்று பார்த்து எழுதியவை அல்ல.

ஒக்டோபர் 29

ஒரு படம் மட்டும் இடித்தது. பூட்டி மடியில் குழந்தை, பின்பக்கம் "1979, மாமாவின் மூத்தவன்" என்று பேனா எழுத்து. பூட்டி அப்போது இல்லையே! எழுத்து சின்னம்மாவுடையது, அவர் வளர்ந்த பிறகு ஆல்பம் ஒழுங்குபடுத்தியபோது எழுதியது. படத்திலோ, வீட்டின் பின்னால் ஏழெட்டுத் தென்னைகள் ஓலைத் தலையோடு ஓங்கி நிற்கின்றன. அந்த வளவில் சூறாவளி ஒரு தென்னையைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்பது பெரியம்மா சொன்னது. மறுபடி நட்டவை ஓராண்டில் அப்படி வளராது. படம் சூறாவளிக்கு முந்தியது, குழந்தை சின்னம்மாவாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு மேல் எழுதமாட்டேன்.

நவம்பர் 3

மாமா அந்த வரியைத் திருத்தச் சொல்கிறார். தவறு என்று தெரிந்தே அச்சிடுவது அழகில்லையாம். நான் உடன்படவில்லை. அது அம்மப்பாவின் வாக்கியம். பதினெட்டு ஆண்டு கழித்து அவருக்குள் அந்த இரவும் பதின்மூன்று நாளும் ஒன்றாகிப்போயின. ஏன் என்று எனக்குத் தெரியாது. பாதைகள் அடைபட்டு அம்மாவை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடியாத மகன் அவர். ஆனால் அதைக் காரணமாக எழுதினால், அவருடைய தவறை என் கற்பனையால் மாற்றி வைப்பேன். வரி அப்படியே இருக்கும். கீழே என் பெயரில் குறிப்பு வரும்:

"கடிதத்தின்படி பூட்டி 27.11.78 அன்று உயிரோடு இருந்தார். திதியின்படி மரணம் டிசம்பர் 6ஐ ஒட்டி. பெரியம்மா நேரில் இருந்தவர். பள்ளிக்கூடத்தில் இறந்ததாகச் சொல்கிறார். இறப்புச் சான்றிதழ் எங்கள் கையில் இல்லை."

மாமா சம்மதிக்கவில்லை. அவருடைய எதிர்ப்பையும் ஒரு வரியாகச் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

நவம்பர் 5

குறிப்பைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண் மூடிக் கேட்டவர், "கதவை எழுதவில்லையே" என்றார். சேர்த்துவிட்டேன்.