1.24

"ஒன்றைத் தாண்டாதும்மா, போய் மறுபடி பார்." பழுக்க வைத்த நாளும் பழத்தின் இனிப்பும் எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவை, லேபில் வேலை செய்யும் பெண் 1.24 என்று எழுதிக்கொண்டு வந்தபோது, அன்று நான் சொன்னது இவ்வளவுதான். ஏன் தாண்டாது என்று அவள் கேட்டாள். "அது அப்படித்தான்" என்றேன். வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றி வந்த லாரிகள் வரிசையாக நின்றன, பருவ நேரத்தில் கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த மாங்கூழ் ஆலையிலும் லேப்காரனுக்கு உட்கார நேரம் இருக்காது. அதனால் நான் சொன்னதில் தப்பில்லை என்று இன்றும் பாதி மனசு சொல்கிறது.

அரை மணி நேரத்தில் 1.00 என்று எழுதிக்கொண்டு வந்தாள். "ஒன்னைத் தாண்டாதுன்னு சொன்னீங்களே சார், அதான் குறைச்சிட்டேன்." ஏமாற்றவேண்டும் என்று செய்யவில்லை. காரணம் சொல்லாமல் வரம்பை மட்டும் கொடுத்தால், எண்ணை வரம்புக்குள் வெட்டித் திணிப்பதுதான் கீழ்ப்படிதல் என்று ஒரு பிள்ளை நினைக்காமல் வேறு என்ன நினைக்கும்?

கணக்கு சின்னதுதான். பழுக்க வைக்கும் அறையில் 1, 2, 3, 4, 5 நாள் இருந்த ஐந்து லாட்டுகளின் பிரிக்ஸ், அதாவது இனிப்பின் அளவு, முறையே 11, 13, 14, 15, 17. நாளுக்கும் இனிப்புக்கும் ஒட்டுறவுக் கெழு எவ்வளவு? சராசரி 3 நாள், 14 பிரிக்ஸ். சராசரியிலிருந்து விலக்கங்கள் நாளுக்கு -2, -1, 0, 1, 2. பிரிக்ஸுக்கு -3, -1, 0, 1, 3. நாள் விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 10, பிரிக்ஸுக்கு 20, இரண்டையும் ஜோடி ஜோடியாகப் பெருக்கிக் கூட்டினால் 14. கெழு என்பது 14-ஐ 10 × 20-இன், அதாவது 200-இன் வர்க்கமூலத்தால் வகுப்பது, அதாவது 0.99.

மறுநாள் மதியம் அவளை உட்கார வைத்து, முந்தின நாள் சொல்லாததைச் சொன்னேன். ஒவ்வொரு பிரிக்ஸ் விலக்கத்திலிருந்தும் நாள் விலக்கத்தின் ஏதோ ஒரு மடங்கைக் கழி. மிச்சத்தை வர்க்கப்படுத்திக் கூட்டு. எந்த மடங்கை எடுத்தாலும் வர்க்கங்களின் கூட்டல் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, இதை மட்டும் ஒப்புக்கொண்டால் போதும். மிச்சத்தை மிகக் குறைவாக்கும் மடங்கு 14/10, அதாவது 1.4. கழித்தால் -0.2, 0.4, 0, -0.4, 0.2. வர்க்கங்களின் கூட்டல் 0.4. இதையே நேரடியாகவும் எடுக்கலாம்:

20 - 14²/10 = 20 - 19.6 = 0.4

இந்த மிச்சம் குறைந்தபட்சம் பூஜ்யம் என்றால், 14² என்பது 10 × 20-ஐத் தாண்ட முடியாது. எந்த எண்களைப் போட்டாலும் இதே கதைதான். பெருக்கல் கூட்டலின் வர்க்கம், இரு வர்க்கக் கூட்டல்களின் பெருக்கலைத் தாண்டாது. பிரெஞ்சுக் கணிதர் கோஷி 1821-இல் எழுதிய சமனின்மை இது. இரண்டு பக்கத்தையும் 200-ஆல் வகுத்தால் கெழுவின் வர்க்கம் ஒன்றைத் தாண்டாது என்று வந்துவிடுகிறது, கெழு -1-க்கும் 1-க்கும் நடுவில் அடங்கிவிடுகிறது. சரியாக 1 அல்லது -1 வரவேண்டுமானால் மிச்சம் முழுக்கப் பூஜ்யமாக வேண்டும், ஐந்து புள்ளியும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும். அவள் எழுதிய 1.00 அதைத்தான் சொல்கிறது, ஆனால் நம்மிடம் 0.4 மிச்சம் கண்ணெதிரே இருக்கிறது. 1.24 உண்மையாக இருந்தால் மிச்சம் -10-க்கும் கீழே போயிருக்கவேண்டும். வர்க்கங்களைக் கூட்டி எப்படி அது வரும்?

"அப்ப தப்பு எங்க சார்?" என்றாள். ஷீட்டைத் திறந்தோம். வகுத்தலில் மேலே `COVARIANCE.S`, கீழே நாளுக்கும் பிரிக்ஸுக்கும் `STDEV.P`. முதலாவது 14-ஐ 4-ஆல் வகுக்கிறது, இரண்டாவது வர்க்கக் கூட்டலை 5-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்கிறது. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுத்திருந்தால் அது அடிபட்டுப் போயிருக்கும், நிரூபணத்தில் அதற்கு வேலையே இல்லை. கலந்துவிட்டதால் விடை 5/4 மடங்கு வீங்கிவிட்டது.

அந்த ஷீட் போன வருஷம் நான் போட்டது. அவள் காப்பி செய்து நாளையும் பிரிக்ஸையும் நிரப்பினாள், அவ்வளவுதான்.

இதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஐந்து லாட்டுக்கு உண்மையான கெழு 0.8-க்கு மேல் இருந்தால்தான் இந்தத் தப்பு ஒன்றைத் தாண்டிக் கண்ணில் படும், அதற்குக் கீழே இருந்தால் நல்ல பிள்ளையாக வரம்புக்குள் உட்கார்ந்துகொள்ளும். வரம்பு நல்ல காவல்தான், அதை நம்பித்தானே 1.24-ஐப் பிடித்தேன். ஆனால் போன வருஷம் இதே ஷீட்டில் வேறு ஐந்து லாட்டுக்கு 0.86 வந்தது, நான் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டேன், அதை வைத்து அறையில் ஒரு நாள் கூடுதலாக வைக்கலாம் என்று முடிவும் எடுத்தோம். நேற்று இரவு அதை 1.25-ஆல் வகுத்துப் பார்த்தேன். 0.69. அந்த முடிவு அப்போதும் சரியாகவே இருந்திருக்கலாம், 0.69-ம் ஒன்றுமில்லாத எண் அல்ல. ஆனால் 0.69 என்று பார்த்திருந்தால் இன்னும் நாலு லாட்டு எடுக்கச் சொல்லியிருப்பேன்.

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஃபார்முலா என்னுடையது என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தப்புத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டு நேற்று மறுபடியும் சாரி கேட்டாள், நான் "பரவாயில்லம்மா" என்று சொல்லி அனுப்பினேன்.