மீரட் கண்டோன்மென்ட்: நிலம் யாருடையது?

கண்டோன்மென்ட் என்றால் ராணுவத்துக்காக உருவான குடியிருப்பு ஊர். உத்தரப்பிரதேசத்தில் உள்ள மீரட் கண்டோன்மென்ட்டின் பழைய வரைபடத்தைப் பார்த்தால் கும்பினி ராணுவத்தின் பயம் புரியும். வடக்கே வெள்ளைச் சிப்பாய்களின் பாரக்குகள், தள்ளித் தெற்கே இந்தியச் சிப்பாய்களின் குடியிருப்பு, அதையொட்டி சதர் பஜார். அதிகாரிகளுக்குப் பரந்த தோட்டத்தோடு தனித்தனி பங்களாக்கள். கெட்ட காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று நம்பிய காலம் அது. அதனால்தான் அத்தனை இடைவெளி. 1857 மே 10 மாலை தெற்கே கலகம் வெடித்தபோது, வடக்கிலிருந்து வெள்ளைப் படை வந்து சேர்வதற்குள் சிப்பாய்கள் டெல்லிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஆங்கிலேயர் போன பிறகும் மீரட் போன்ற கண்டோன்மென்ட் ஊர்கள் ஏன் கலையவில்லை? என்னைக் கேட்டால், முக்கியக் காரணம் 1836-இல் வந்த ஓர் அரசாணை. கண்டோன்மென்ட்டில் நீங்கள் வீடு கட்டலாம், விற்கலாம். ஆனால் அடியில் உள்ள மண் அரசுடையது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, அனுமதி பெற்ற கட்டடத்துக்கு மட்டும் விலை தந்து அரசு அந்த மண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுதந்திர இந்தியாவின் நீதிமன்றங்களும் இதை ஏற்றுக்கொண்டன. மண் சொந்தமில்லாத இடத்தில் பங்களாவை இடித்து யார் அடுக்குமாடி கட்டுவார்கள்? இடிந்த கூரையைச் சரிசெய்யவே அனுமதிக்கு அலையும் குடும்பங்களுக்கு இது இன்றும் பெரிய வேதனை.

2023-இல் இமாச்சலத்தின் யோல் கண்டோன்மென்ட்டைக் கலைத்தார்கள். மற்ற ஊர்களின் குடியிருப்புப் பகுதிகளையும் நகராட்சிகளோடு சேர்க்கும் பேச்சு நடக்கிறது. அங்கே நில உரிமையை முதலில் தீர்க்க வேண்டும்.