அப்ளை பண்ணிட்டு பதிலே வரலையா? ஃபாலோ-அப் பண்ணப்போ எனக்கு நடந்த கூத்து

ரிஜெக்ட்னு ஒரு மெயில் வந்தா கூட மனசு ஆறிடும்ங்க, ஆனா கெணத்துல போட்ட கல்லு மாதிரி அப்ளிகேஷன் சத்தமே இல்லாம கெடந்தா என்னதான் பண்றது. அப்படி கெடந்த ஒண்ணை தோண்டி எடுத்த கதை இது. நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, பேயபிள்ஸும் ஜிஎஸ்டியும் பாக்குறேன், அதனால இதுல சில விஷயம் அக்கவுண்ட்ஸ் ஆளுங்களுக்குன்னே இருக்கும். கன்சல்டன்சி மேட்டர் மட்டும் எல்லாருக்கும் பொருந்தும், அதை கண்டிப்பா படிங்க.

ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரி, சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் வேலை. கம்பெனி கரியர் பேஜ்லயே நேரா அப்ளை பண்ணேன், உடனே 'அப்ளிகேஷன் கிடைச்சுது'ன்னு ஆட்டோ மெயில் வந்துச்சு. அந்த மெயிலை டெலீட் பண்ணாதீங்க, அதுல தான் ஜாப் ஐடி இருக்கும். அதே சமயம் அதுக்கு ரிப்ளை போட்டு காத்திருக்காதீங்க, நோ-ரிப்ளை ஐடி, அங்க யாரும் படிக்கறது இல்ல. போர்ட்டல்ல ஸ்டேட்டஸ் 'அண்டர் ரிவ்யூ'ன்னு வந்துச்சு, அப்புறம் அங்கேயே நின்னுடுச்சு.

எப்ப கேக்கறதுன்னு எல்லாரும் ஒரு வாரம், பத்து நாள்னு சொல்லுவாங்க. அப்ளை பண்ணதும் மறுநாளே கேக்காம இருக்க அந்த கணக்கு உதவும், அவ்வளவுதான். ஷார்ட்லிஸ்ட் பண்றது ஹெச்ஆர் இல்ல, அந்த டிபார்ட்மென்ட் மேனேஜர். அவர் ரெஸ்யூமை திறந்து பாத்தாதான் ஹெச்ஆர் கிட்ட நமக்கு சொல்ல ஏதாவது இருக்கும். அக்கவுண்ட்ஸ் மேனேஜரோட மாசம் எப்படி போகும்னு நமக்கு தெரியாதா? 7-ம் தேதி டிடிஎஸ் கட்டணும், 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி 3பி, மாசக் கடைசில க்ளோசிங். இந்த நடுவுல 5-ம் தேதி போய் 'சார் என் அப்ளிகேஷன்'னு ஹெச்ஆர் அவர்கிட்ட நின்னா எரிஞ்சு தான் விழுவாரு. 21-லேர்ந்து 26, 27 வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடுவாங்க, நம்ம மெயில் அப்போ போகணும். ஏப்ரல் வருஷ க்ளோசிங், செப்டம்பர்ல டாக்ஸ் ஆடிட், அந்த ரெண்டு மாசமும் பதில் வரலைன்னா அதுக்கு பெருசா அர்த்தம் தேட வேண்டாம். வேற துறைக்காரங்க அவங்க மேனேஜருக்கு எப்போ தலை நிமிர நேரம் கிடைக்கும்னு யோசிச்சுக்கோங்க.

அதனால நான் 3பி முடியட்டும்னு இருந்து, லிங்க்ட்இன்ல அந்த போஸ்ட்டை போட்டிருந்த ரெக்ரூட்டர் மேடத்துக்கு மெயில் அனுப்பினேன். சப்ஜெக்ட்ல பதவி பேரு, ஜாப் ஐடி, என் பேரு. உள்ள நாலே வரி: எந்த தேதி அப்ளை பண்ணேன், இப்ப என்ன வேலை பாக்குறேன், நோட்டீஸ் பீரியட் 60 நாள் ஆனா 30 நாளுக்கு பை-அவுட் பண்ண முடியும். கடைசியா, இந்த பொசிஷன் இன்னும் ஓப்பனா இருக்கா, என் ப்ரொஃபைல் மேனேஜர் கிட்ட போயிருக்கான்னு கேள்வி. 'எனி அப்டேட்'னு மட்டும் கேட்டா அவங்க நம்மள தேடி எடுத்து, படிச்சு, யோசிச்சு பதில் போடணும், அதை யாரும் பண்ண மாட்டாங்க. ஆமா இல்லைன்னு ஃபோன்லயே தட்டிட்டு போற மாதிரி கேளுங்க. ரெஸ்யூமையும் பிடிஎஃபா திரும்ப அட்டாச் பண்ணுங்க, உங்களுக்காக சிஸ்டத்துக்குள்ள போய் யாரும் தேடிட்டு இருக்க மாட்டாங்க. முக்கியமா, இப்ப வேலை பாக்குற ஆஃபீஸ் மெயில் ஐடிலேர்ந்து அனுப்பாதீங்க, சொல்லவே தேவையில்ல ஆனா அப்படி அனுப்புன ஆளை எனக்கு தெரியும்.

இவ்வளவு ஒழுங்கா அனுப்பியும் பதில் இல்ல. ஒரு வாரம் தாண்டி அதே த்ரெட்ல ரெண்டு வரி போட்டேன், அதுக்கும் இல்ல. ஆனா அந்த வேலை கரியர் பேஜ்ல அதே ஜாப் ஐடியோட அப்படியே இருக்கு, தேதி மட்டும் புதுசா மாறி இருக்கு. இதை கவனிக்க கத்துக்கோங்க. அதே ஐடி ரெஃப்ரெஷ் ஆகுதுன்னா இன்னும் ஆள் தேடுறாங்க. புது ஐடில வந்தா அது புது ஓப்பனிங், திரும்ப அப்ளை பண்ணலாம். போஸ்ட்டே காணோம்னா ஆள் எடுத்துட்டாங்க, இல்ல ஹோல்ட்ல போட்டுட்டாங்க, ஒரு தடவை கேட்டுட்டு விட்டுடலாம்.

ஆள் தேடுறாங்க, என் அனுபவம் அப்படியே பொருந்துது, ஆனா கூப்பிடல. ஏதோ இடிக்குதேன்னு பழைய கம்பெனில என்கூட இருந்த ஒரு அண்ணன் இப்ப அங்க ஸ்டோர்ஸ்ல இருக்காரு, அவர்கிட்ட ரெஃபர் பண்ண சொன்னேன். அவர் அன்னைக்கு சாயங்காலமே கூப்பிட்டாரு.

"தம்பி, உன் மெயில் ஐடி போட்டா கேண்டிடேட் ஏற்கனவே இருக்காருன்னு வருதுப்பா."

"ஆமாண்ணே, நான் தான் அப்ளை பண்ணேனே."

"இல்லப்பா, சோர்ஸ்னு ஒரு இடத்துல ஏஜென்சின்னு காட்டுது."

எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, நான் எந்த ஏஜென்சி மூலமாவும் அங்க அப்ளை பண்ணல. அப்புறம் தான் ஞாபகம் வந்துச்சு, முன்னாடி ஒரு கன்சல்டன்சிலேர்ந்து ஒரு பையன் கூப்பிட்டு "சார் ஒரு நல்ல எம்என்சி இருக்கு, பேர் அப்புறம் சொல்றேன், சிடிசி எவ்வளவு, எக்ஸ்பெக்டேஷன் எவ்வளவு"ன்னு கேட்டுட்டு வச்சுட்டான், அதோட ஆளையே காணோம். ஜாப் சைட்லேர்ந்து என் ரெஸ்யூமை இறக்கி, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம அந்த கம்பெனி சிஸ்டத்துல ஏத்தி விட்டிருக்கான்.

இதுல என்ன பிரச்சனைன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். கன்சல்டன்சி மூலமா ஆள் எடுத்தா கம்பெனி அவங்களுக்கு ஃபீஸ் குடுக்கணும், நம்ம ஊர்ல பல இடத்துல அது வருஷ சிடிசில 8.33 சதவீதம், அதாவது ஒரு மாச சம்பளம். யார் முதல்ல ப்ரொஃபைலை ஏத்தினாங்களோ, அக்ரிமென்ட்ல சொன்ன காலம் வரைக்கும் அந்த கேண்டிடேட் அவங்க கணக்கு, பெரும்பாலும் சில மாசம். சிஸ்டம் மெயில் ஐடியையும் ஃபோன் நம்பரையும் வச்சு ஒரே ஆளுன்னு கண்டுபிடிச்சுடும். இப்ப ஹெச்ஆர் என்னை நேரா கூப்பிட்டா கன்சல்டன்சி காசு கேட்டு வருவான், அவன் மூலமா கூப்பிட்டா டைரக்ட்டா வந்த ஆளுக்கு எதுக்கு ஃபீஸ்னு மேல கேப்பாங்க. ரெண்டு பக்கமும் தலைவலி, அந்த ப்ரொஃபைலை தொடாம அடுத்த ரெஸ்யூமை பாத்துட்டு போயிடுவாங்க. நமக்கு ஒரு மண்ணும் தெரியாது.

இந்த இடத்துல நிறைய பேர் பண்ற வேலை என்னன்னா வேற மெயில் ஐடில திரும்ப அப்ளை பண்றது. தயவுசெஞ்சு வேண்டாம், நம்பர்ல மாட்டும், நம்பரையும் மாத்தினா ஆஃபர் ஸ்டேஜ்ல பான் வாங்கும்போது மாட்டும், அப்போ நம்மள தான் சந்தேகமா பாப்பாங்க. நான் அதே த்ரெட்ல ரெக்ரூட்டருக்கு எழுதினேன்: என் ப்ரொஃபைல் ஏஜென்சி பேர்ல இருக்கறதா தெரிய வந்துச்சு, உங்க கம்பெனிக்கு என்னை அனுப்ப நான் யாருக்கும் சம்மதம் குடுக்கல, எழுத்துலயும் இல்ல வாய்லயும் இல்ல, நான் நேரா அப்ளை பண்ண ஆட்டோ மெயில் இணைச்சிருக்கேன். அண்ணன் பேரை எங்கயும் இழுக்கல. கன்சல்டன்சியை திட்டியும் ஒரு வார்த்தை இல்ல, திட்டணும்னு கை துடிச்சுது அது வேற விஷயம்.

அதுக்கு தான் ஃபோன் வந்துச்சு. இத்தனை நாளா மூச்சு விடாத மேடம், "சார் இதை மெயில்ல சொன்னது நல்லதா போச்சு, எங்களால நாங்களா உங்கள காண்டாக்ட் பண்ண முடியல, வெண்டார் கிட்ட உங்க கன்சென்ட் மெயில் கேக்கறேன்"னாங்க. இல்லாத மெயிலை அவன் எங்கேர்ந்து குடுப்பான். டைரக்ட்னு மாத்திட்டாங்க, இன்டர்வியூவும் நல்லபடியா முடிஞ்சுது.

இன்டர்வியூ முடிஞ்சதும் திரும்ப அதே அமைதி. ஆனா இந்த கட்டத்துக்கு கணக்கே வேற. வெளிய வரும்போதே "எப்போ வரைக்கும் நான் காத்திருக்கலாம்"னு கேட்டுடுங்க. வெள்ளிக்கிழமைன்னு சொன்னாங்கன்னா செவ்வாய், புதன் வரைக்கும் வாயைத் திறக்காதீங்க, அதுக்கப்புறம் அவங்க சொன்ன தேதியை ஞாபகப்படுத்தி ஒரே ஒரு மெயில். கையில வேற ஆஃபர் இருந்தா தேதியோட சொல்லுங்க, நல்லாவே வேலை செய்யும். இல்லாத ஆஃபரை இருக்குன்னு சொன்னா "அப்ப அதையே எடுத்துக்கோங்க"ன்னு முடிச்சுடுவாங்க, பை-அவுட் பேசும்போது லெட்டர் காப்பி கேட்டாலும் கேப்பாங்க. பர்சனல் வாட்ஸ்அப்ல குட்மார்னிங் பூவோட ஆரம்பிக்கறது, ஒரே நாள்ல ரெண்டு மூணு மிஸ்டு கால், அவங்க லிங்க்ட்இன் போஸ்ட்டுக்கு கீழ "மேடம் ரிப்ளை பண்ணுங்க"ன்னு கமென்ட், ஹெச்ஆர் பதில் போடலன்னு நேரா சிஎஃப்ஓவுக்கு மெயில், இதெல்லாம் பண்ணா நம்ம பேரு ஞாபகம் இருக்கும், வேற மாதிரி. நான் அப்படி ஒரு மெயில் போட்ட ரெண்டாம் நாள் ஆஃபர் டிஸ்கஷனுக்கு கூப்பிட்டாங்க.

இன்னொண்ணு. நீங்க பதிலுக்கு காத்திருக்கற நேரம் பாத்து "உங்க அப்ளிகேஷன் செலக்ட் ஆயிருக்கு, டாக்குமென்ட் வெரிஃபிகேஷனுக்கு காசு கட்டுங்க"ன்னு ஃபோன் வரும், எனக்கும் வந்துச்சு. காசுன்னு சொன்னாலே கட் பண்ணிடுங்க, ஜிமெயில் ஐடிலேர்ந்து ஆஃபர் லெட்டர் வந்தாலும் நம்பாதீங்க. சந்தேகமா இருந்தா ஜாப் ஐடி என்னன்னு கேளுங்க, திருதிருன்னு முழிப்பாங்க. காசு போயிட்டா உடனே சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு கூப்பிடுங்க.

இப்பெல்லாம் எந்த கன்சல்டன்சி கூப்பிட்டாலும், கம்பெனி பேரை மெயில்ல அனுப்புங்க, நான் சரின்னு பதில் போட்ட பிறகு தான் ப்ரொஃபைல் ஏத்தணும்னு சொல்லிடறேன். பாதி பேர் அங்கேயே ஃபோனை வச்சுடறாங்க.